இருக்கும் இடமும் போகும் தொலைவும்

பயிற்சித்தாளின் மேற்பகுதியில் கிடைமட்டமாக ஒரு கோடு. இரண்டு முனைகளிலும் அம்புக்குறி. நடுவில் பூச்சியம், வலப்பக்கம் 1 முதல் 10 வரை, இடப்பக்கம் −1 முதல் −10 வரை. கோட்டுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு கணக்குகள்: 2 − 5, −3 + 7, −4 + (−2), −2 − (−5). தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முழுக்கள் ஆறாம் வகுப்பில் அறிமுகமாகி, அவற்றின் கூட்டலும் கழித்தலும் ஏழாம் வகுப்பில் வருகின்றன. அந்த வயதுப் பிள்ளைகளின் கையில் இந்தத் தாள் ஒருமுறையாவது வந்து போயிருக்கும். பெரும்பாலான வகுப்புகளில் எண்கோட்டுக்கு ஆயுள் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’ என்ற சூத்திரம் வந்துவிடும். கோடு நோட்டின் முன்பக்கங்களில் தங்கிவிடும்.

அந்த இரண்டு நாள் போதாது என்பதே என் எண்ணம். விரல்விட்டு எண்ணுவதற்குப் பதிலாகக் கொடுத்த ஒரு குச்சியைப் போல எண்கோட்டை நடத்துகிறோம். ஆனால் ஒரு குறை எண்ணைக் கழித்தால் விடை ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கு, விதி எதையும் சொல்லாமலே கண்முன்னால் பதில் காட்டக்கூடியது அந்தக் கோடு ஒன்றுதான். அந்தப் பதிலைக் கோட்டிலிருந்து பெற, அதை எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் நாம் அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது மிகச் சாதாரணமான ஒன்று. −10 முதல் 10 வரை கோட்டில் 21 புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் 20தான். எண்கோட்டில் கூட்டும்போதும் கழிக்கும்போதும் நாம் எண்ணுவது இடைவெளிகளை. பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிவதோ புள்ளிகள். பென்சில் முனை போய் நிற்பதும் புள்ளியில்தான்.

என் வகுப்பில் ஒரு சிறுமி 2 − 5 என்ற கணக்கைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பென்சிலை 2-இல் வைத்தாள். வைத்தவுடனே “ஒண்ணு” என்றாள். 1-க்கு வந்து “ரெண்டு”, பூச்சியத்தில் “மூணு”, −1-இல் “நாலு”, −2-இல் “அஞ்சு.” விடை −2 என்று எழுதினாள். திசையில் தவறில்லை. பூச்சியத்தைத் தாண்டிப் போகத் தயங்கவுமில்லை. இந்தப் பாடத்தில் கடினம் என்று பெரியவர்கள் நினைக்கும் இரண்டும் அவளுக்குக் கைவந்திருந்தன. ஆனாலும் விடை தவறு. சரியான விடை −3.

“எங்கெங்க குதிச்ச பாப்பா? ஒவ்வொரு குதிக்கும் மேல ஒரு வளைவு போட்டுக் காட்டு,” என்றேன்.

வளைவுகளை வரைந்தாள். 2-இலிருந்து 1-க்கு ஒன்று, 1-இலிருந்து பூச்சியத்துக்கு ஒன்று, அடுத்து இரண்டு. நிமிர்ந்து பார்த்தாள். “நாலு வளைவுதான் சார் வருது.”

“எத்தனை வரணும்?”

“அஞ்சு,” என்றவள் இன்னொரு வளைவைப் போட்டு −3-இல் நிறுத்தினாள்.

நான் எதையும் விளக்கவில்லை. வளைவுகள் விளக்கிவிட்டன. தொடக்கப் பயிற்சித்தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் வளைவு வரைய இடம் விட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். புள்ளி என்பது இருக்கும் இடம். வளைவு என்பது போகும் தொலைவு. இரண்டையும் கை தனித்தனியாக வரைந்தால்தான் மனமும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஒரு பிள்ளையின் விடைகள் எல்லாம் சரியான விடைக்கு ஒன்று முன்னால் நின்றுவிடுகின்றன என்றால், அந்தப் பிள்ளைக்குக் குறை எண்களில் குழப்பம் இல்லை. தொடங்கும் புள்ளியையும் ஒரு தாவலாக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இடம், தொலைவு என்ற இந்த வேறுபாடுதான் பாடம் முழுவதற்கும் அடித்தளம். −3 + 5 என்று எழுதும்போது −3 என்பது கோட்டில் ஒரு இடம். 5 என்பது வலப்பக்கம் ஐந்து தாவல்கள் கொண்ட ஒரு பயணம். பயணம் முடிந்து சேரும் 2 மறுபடியும் ஒரு இடம். −3 + (−4) என்பதில் இரண்டாவது எண்ணும் குறை எண்தான். ஆனால் அது −4 என்ற புள்ளி அன்று. இடப்பக்கம் நான்கு தாவல்கள். −3-இலிருந்து இடப்பக்கம் நான்கு தாவினால் −7. ஒரே மாதிரி எழுதப்பட்ட இரண்டு எண்களில் ஒன்று நிற்கிறது, மற்றது நகர்கிறது. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், சில பிள்ளைகள் −3-இல் ஒரு விரலும் −4-இல் இன்னொரு விரலும் வைத்துவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். சோம்பல் என்று நாம் எடுத்துக்கொள்ளும் அந்த மௌனத்தில் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது: இரண்டு இடங்களை எப்படிக் கூட்டுவது? கூட்ட முடியாது. ஓர் இடத்தோடு ஒரு பயணத்தைத்தான் கூட்ட முடியும்.

குறை எண்ணை நடக்கும் மனிதனைக் கொண்டு விளக்கும் வழக்கம் பழையது. ஆங்கிலக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1685-இல் வெளியிட்ட இயற்கணித நூலில் அப்படி ஒரு மனிதனை நடக்க விடுகிறார். அவன் ஓரிடத்திலிருந்து 5 கெஜம் முன்னேறுகிறான். பிறகு 2 கெஜம் பின்வாங்குகிறான். கிளம்பிய இடத்திலிருந்து 3 கெஜம் முன்னே இருக்கிறான். இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அவனே 5 கெஜம் முன்னேறி 8 கெஜம் பின்வாங்கினால்? கிளம்பிய இடத்துக்கு 3 கெஜம் பின்னால் நிற்பான். அவன் முன்னேறியது −3 கெஜம். ‘ஒன்றுமில்லாததைவிடக் குறைவு’ என்பது எண்ணிக்கையில் அபத்தமாகத் தோன்றலாம். நிலத்தில் அது அவன் நிற்கும் ஓர் இடம். நம் பயிற்சித்தாளின் முதல் கணக்குகள் அந்த மனிதனின் நடைதான்.

வாலிஸுக்கு ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே, 1150-இல் பாஸ்கரர் குறை எண்ணைத் திசையாக வாசித்திருக்கிறார். லீலாவதியில் ஒரு முக்கோணக் கணக்கு வருகிறது. இரு பக்கங்கள் 10, 17, அடிப்பக்கம் 9. உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்கினால், அது அடிப்பக்கத்தை எந்த இரு துண்டுகளாகப் பிரிக்கும்? கணக்கிட்டால் ஒரு துண்டு 15 என்றும், மற்றது 6, ஆனால் குறை என்றும் வருகிறது. அடிப்பக்கமே 9தானே, அதில் 15 எப்படி அடங்கும்? படம் வரைந்தால் தெரிந்துவிடும். அந்தச் செங்குத்துக் கோடு முக்கோணத்துக்கு உள்ளே விழவில்லை. வெளியே, அடிப்பக்கத்தின் முனையைத் தாண்டி 6 அலகு தள்ளி விழுகிறது. அந்தக் குறைத் துண்டு எதிர்த்திசையில் இருக்கிறது என்று பாஸ்கரர் சொல்கிறார். 15-இலிருந்து 6 திரும்பி வந்தால் 9. குறை என்பது இல்லாமை அன்று, எதிர்ப்பக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒரு படம் எனக்குத் தெரியாது.

கூட்டல் வரை இந்த நடை நன்றாகவே போகும். கழித்தலுக்கு வந்ததும், அதிலும் குறை எண்ணைக் கழிக்கும் இடத்தில், கால் பின்னிக்கொள்கிறது. வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லித்தரப்படும் முறை இது: முதல் எண்ணில் வலப்பக்கம் பார்த்து நில். கூட்டல் என்றால் அப்படியே நில்; கழித்தல் என்றால் இடப்பக்கம் திரும்பிக்கொள். இரண்டாவது எண் மிகை என்றால் முன்னோக்கி நட. குறை என்றால் பின்னோக்கி நட. −2 − (−5) என்ற கணக்கில் −2-இல் நின்று, இடப்பக்கம் திரும்பி, அப்படியே பின்னோக்கி ஐந்து அடி எடுத்து வைத்தால் 3-க்கு வந்து சேர்கிறோம். விடை சரி.

பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிள்ளைகளை நடக்க வைத்தால் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். உடம்பு திரும்புவதை எல்லோரும் பார்க்கலாம். தாளில் அப்படி இல்லை. பென்சில் முனைக்கு முகமும் கிடையாது, முதுகும் கிடையாது. அது இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதா, வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பதைப் பிள்ளை மனத்துக்குள்ளேயே நினைவில் வைத்திருக்க வேண்டும். அதோடு முன்னோக்கியா பின்னோக்கியா என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தாவல்களையும் எண்ண வேண்டும். இந்த மூன்றில் எது நழுவினாலும் விடை கெடும். கெட்ட இடமும் தாளில் பதிவாகாது. இன்னொரு குறையும் உண்டு. இடப்பக்கம் திரும்பி ஏன் பின்னோக்கி நடக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால், “அதுதான் விதி” என்பதைத் தவிர நம்மிடம் பதில் இல்லை. ஒரு விதியைத் தவிர்க்க வந்த கோடு இன்னொரு விதியைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

கழித்தலுக்கு வேறொரு பொருளும் உண்டு. அதை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 50 ரூபாய்த் தாளை நீட்டினால், பழைய மளிகைக்கடைக்காரர் 50-இலிருந்து 37-ஐ எடுத்துப் பார்ப்பதில்லை. 37-இல் தொடங்குகிறார். மூன்று ரூபாயை வைத்து “நாப்பது” என்கிறார், பத்து ரூபாயை வைத்து “அம்பது” என்கிறார். மேசையில் கிடக்கும் 13 ரூபாய்தான் 50 − 37. கழித்தல் என்பது கழிக்க வேண்டிய எண்ணிலிருந்து கிளம்பி முதல் எண்ணுக்குப் போய்ச் சேரும் பயணம். எவ்வளவு தொலைவு, எந்தத் திசை என்பதே விடை.

இதை எண்கோட்டுக்குக் கொண்டுவருவோம். 5 − 2 என்றால் 2-இலிருந்து 5-க்குப் போக வேண்டும்: வலப்பக்கம் மூன்று, விடை 3. 2 − 5 என்றால் 5-இலிருந்து 2-க்கு: இடப்பக்கம் மூன்று, விடை −3. இரண்டு எண்களும் அதே எண்கள், தொலைவும் அதே தொலைவு. திசை மட்டும் மாறுகிறது. ‘சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது’ என்று மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிவந்த வாக்கியம் இந்த இடத்தில், யாரும் மறுத்துப் பேசாமலே, கழன்று விழுகிறது.

இனி −2 − (−5). எல்லோரும் அஞ்சும் கணக்கு. −5-இலிருந்து −2-க்குப் போக வேண்டும். −5-இல் பென்சிலை வைத்தால் −4, −3, −2. மூன்று தாவல்கள், வலப்பக்கம். விடை 3. திரும்புவதும் இல்லை, பின்னோக்கி நடப்பதும் இல்லை, இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்து ஒரு கூட்டல் குறியாக மாறும் மாயமும் இல்லை. −5 என்பது −2-க்கு இடப்பக்கம் இருக்கிறது. அதனால் அங்கிருந்து வர வலப்பக்கம்தான் நடக்க வேண்டும். விடை ஏன் மிகை எண் என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்த்துவிடுகிறது. மேலும் ஒன்று: 2 − (−5) என்பதில் −5-இலிருந்து 2-க்கு வர முதலில் பூச்சியம் வரை ஐந்து, பிறகு 2 வரை இரண்டு, ஆக ஏழு. 2 + 5-ம் ஏழுதான். குறை எண்ணைக் கழிப்பதும் அதன் எதிரெண்ணைக் கூட்டுவதும் ஒன்று என்ற விதி, இப்படி நாலைந்து கணக்குகள் போட்டபின் பிள்ளையே கண்டு சொல்லும் ஒரு செய்தியாகிறது. அப்போது அந்த விதியைச் சொல்லட்டும்; அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தமான விதி.

உறைபனிக் கணக்குகள் இந்தப் பொருளுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. உதகையை அடுத்த தலைகுந்தாவில் ஜனவரி அதிகாலைகளில் சில நாள் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போவதைச் செய்திகளில் பார்க்கிறோம். நள்ளிரவில் −2, விடிந்து வெயில் ஏறியபோது 9 என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஏறியது? 9 − (−2). வெப்பமானியில் −2-இலிருந்து 9 வரை விரலை ஓட்டினால் 11 டிகிரி. எந்தப் பிள்ளையும் இதற்கு 7 என்று சொல்வதில்லை. ஆனால் அதே பிள்ளை, தாளில் வெறுமனே 9 − (−2) என்று கண்டால் 7 என்று எழுதக்கூடும். அறிவில் குறையில்லை, தாளில் இருக்கும் குறிகளுக்கும் அந்த விரல் ஓட்டத்துக்கும் தொடர்பு இன்னும் விழவில்லை.

கடனை வைத்துச் சொல்லித்தருவதும் உண்டு. அதற்கும் நீண்ட மரபு இருக்கிறது. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புடசித்தாந்தத்தில் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம், அதாவது கடன், என்றும் வைத்துக்கொண்டு கூட்டலுக்கும் கழித்தலுக்கும் விதிகளை வகுக்கிறார். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம் என்பதும் அவற்றில் ஒன்று. −5 − (−2) என்பதற்குக் கடன் உவமை அழகாகப் பொருந்துகிறது: ஐந்து ரூபாய்க் கடனில் இரண்டு ரூபாயைத் தள்ளுபடி செய்தால் மூன்று ரூபாய்க் கடன் மிச்சம். ஆனால் −2 − (−5)? இரண்டு ரூபாய்தான் கடன் இருக்கிறது; அதிலிருந்து ஐந்து ரூபாய்க் கடனை எப்படித் தள்ளுபடி செய்வது? மூன்று ரூபாய் புதிதாகக் கடன் வாங்கிக் கையில் வைத்துக்கொள், இப்போது கடன் ஐந்து, கையில் மூன்று, கடன் முழுவதையும் தள்ளுபடி செய்தால் கையில் மூன்று என்று சொல்லலாம். சரியான வாதம்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் இது விளக்கமாகப் படாது, வித்தையாகப் படும். ‘எங்கிருந்து எங்கே’ என்ற கேள்விக்கு −5 − (−2)-ம் −2 − (−5)-ம் ஒரே அளவு எளிமையானவை. ஒன்றில் இடப்பக்கம் மூன்று, மற்றதில் வலப்பக்கம் மூன்று.

இந்த முறைக்கும் ஓர் அபாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அதனால் −2 − (−5) என்று பார்த்ததும், −2-இலிருந்து கிளம்பி −5-க்குப் போகப் பிள்ளைக்குக் கை நீளும். விடை −3 ஆகிவிடும். அளவு சரி, குறி தவறு. இதைத் தடுக்கப் பயிற்சித்தாளில் ஒரு சிறிய ஏற்பாடு போதும். கழிக்கும் எண்ணைச் சுற்றி முதலில் ஒரு வட்டம் போடச் சொல்ல வேண்டும்: வட்டம் போட்ட எண்ணிலிருந்து புறப்படு. விடை வந்தபின் அதையே கூட்டலாகச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்: வட்டம் போட்ட எண்ணில் நின்று, விடையளவு பயணம் செய்தால் முதல் எண்ணுக்கு வருகிறதா? −5 + 3 = −2; வருகிறது. −5 + (−3) = −8; வரவில்லை. யாரிடமும் கேட்காமல் பிள்ளை தானே தன் தவறைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

இப்போது அந்தச் சூத்திரத்துக்கு வருகிறேன். ஒரு பையன் −3 − 4 என்பதற்கு 7 என்று எழுதியிருந்தான். “எப்படி தம்பி?” என்று கேட்டேன். “மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்தானே சார்?” என்றான், கேட்டதே வியப்பு என்பதுபோல. அவன் கண்ணுக்கு இரண்டு கழித்தல் குறிகள் தெரிந்தன. ஒன்று மூன்றின் முன்னால், இன்னொன்று நான்கின் முன்னால். சூத்திரம் அவற்றைச் சேர்க்கச் சொன்னது, சேர்த்தான். சூத்திரம் பொருந்துவது ஒரு கழித்தலுக்கு அடுத்தாற்போல் ஒரு குறை எண் வரும் இடத்தில் மட்டும் என்பதை அது தன் மூன்று சொற்களுக்குள் எங்கேயும் சொல்லவில்லை. பெருக்கலில் இரண்டு குறை எண்கள் சேர்ந்தால் மிகை எண் வரும் என்பதும் பிறகு அதே சொற்களில் வந்து சேர்ந்துகொள்கிறது. அப்போது −3 + (−4)-க்கும் 7 வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளையையும், திசையைத் திருப்பிப் போட்ட பிள்ளையையும் எப்படி இனம் காண்பது? இருவரும் −3 − 4 என்பதற்கு 7 என்றே எழுதுவார்கள். ஒருவர் சூத்திரத்தால், மற்றவர் 4-இலிருந்து −3-க்குப் போவதற்குப் பதில் −3-இலிருந்து 4-க்குப் போனதால். அதனால்தான் பயிற்சித்தாளில் −3 − 4-க்கு அருகிலேயே −2 − (−5)-ஐ வைக்க வேண்டும். திசையைத் திருப்பிய பிள்ளைக்கு அங்கே −3 வரும்; இரண்டுமே தவறு. சூத்திரத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அங்கே 3 வரும், சரியான விடை. கடினமான கணக்கைச் சரியாகவும் எளிய கணக்கைத் தவறாகவும் போடும் பிள்ளையிடம் இருப்பது கவனக்குறைவு அன்று. காரணம் தெரியாத ஒரு விதி. அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறியையே கவனிக்காத பிள்ளைக்கு அதே கணக்கில் −7 வரும். மூன்று பிள்ளைகளுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. சிவப்பு மையில் மூவருக்கும் ஒரே பெருக்கல் குறியைப் போட்டுவிட்டால் அது தெரியாமலே போய்விடும்.

கணக்குகளைத் தேர்ந்தெடுப்பதில் ஆசிரியரின் உழைப்பு போக வேண்டியதும் இங்கேதான். −3 + 6 ஒரு மோசமான கணக்கு. சரியாகச் செய்தாலும் 3, ஒன்றும் புரியாமல் ஆறிலிருந்து மூன்றைக் கழித்தாலும் 3. அந்த விடையிலிருந்து நமக்கு எதுவும் தெரியாது. −6 + 2 நல்ல கணக்கு. சரியான விடை −4. குறியை மறந்தால் 4, இடப்பக்கம் போனால் −8, தொடங்கும் புள்ளியையும் சேர்த்து எண்ணினால் −5. ஒவ்வொரு தவறும் தனக்கென்று ஒரு விடையைத் தருகிறது. ஐம்பது கணக்குகள் கொண்ட தாளைவிட, இப்படி ஆய்ந்தெடுத்த பத்துக் கணக்குகள் கொண்ட தாள் ஒரு வகுப்பைப் பற்றி அதிகம் சொல்லும்.

குறை எண்கள் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு சிரமம் தருகின்றன என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. 1758-இல் லண்டனில் பிரான்சிஸ் மஸேரஸ் என்ற கணித அறிஞர், கழித்தல் குறியைப் பற்றி மட்டுமே ஒரு நூல் வெளியிட்டார். பெரிய அளவிலிருந்து சிறிய அளவைக் கழிப்பதைக் காட்டுவதற்கு மட்டுமே அந்தக் குறி பயன்பட வேண்டும், தனித்து நிற்கும் குறை எண்களை இயற்கணிதத்திலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்பது அவர் நிலை. வாலிஸின் மனிதன் நடந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், படித்த ஒருவருக்கு அது ஒப்பவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை “அது எப்படி சார் மூணுல அஞ்சு போகும்?” என்று கேட்டால், அந்தக் கேள்வியை ஒரு முழு வகுப்பு நேரம் கொடுத்துப் பேசத் தகுந்த கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்கோட்டுக்கு எல்லையும் உண்டு. −47 + 128-ஐ யாரும் தாவித் தாவி எண்ண முடியாது. அச்சிட்ட கோடு 10-இல் முடிந்துவிடுவதால், 8 + 6 வந்தால் தாளின் ஓரத்தில் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள்; முனையிலிருக்கும் அம்புக்குறி கோடு அதற்கப்பாலும் போகிறது என்று சொல்வதை யாரும் அவர்களுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். அதனால் மூன்றாம் நாள் சூத்திரத்துக்குப் போவதற்குப் பதிலாக, புள்ளிகள் இல்லாத வெற்றுக் கோட்டுக்குப் போகலாம். ஒரு கோட்டைக் கையாலேயே இழுத்து, பூச்சியத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். −47-ஐ இடப்பக்கம் தோராயமாக வைத்து, பூச்சியம் வரை ஒரே வளைவு, அதன்மேல் 47. 128-இல் 47 போனால் மிச்சம் 81. பூச்சியத்திலிருந்து அந்த 81-க்கு இன்னொரு வளைவு. விடை 81. இரண்டே வளைவுகள், எண்ணுவது நின்று சிந்திப்பது தொடங்குகிறது. கொஞ்ச நாளில் பிள்ளை கோட்டையே வரையாது. அப்போதும் மனத்துக்குள் அது இருக்கும்: விடை பூச்சியத்துக்கு எந்தப் பக்கம் விழும் என்பதைக் கணக்குப் போடும் முன்பே சொல்லிவிடும். எண்கோட்டால் ஆகும் வேலை அதுதான். பெருக்கல் வந்ததும், இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண் ஏன் என்ற கேள்விக்குக் கோடு இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லாது. அதற்கு வேறு வழிகள் வேண்டும். கோட்டை அங்கேயும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

நான் தயாரிக்கும் தாளில் கடைசிக் கணக்குக்கு எண்களே இருப்பதில்லை. ஒரு கோடு, அதில் பூச்சியம். பூச்சியத்துக்கு இடப்பக்கம் இரண்டு புள்ளிகள். தொலைவில் இருப்பது ஆ, பூச்சியத்துக்கு அருகில் இருப்பது அ. மதிப்பு எதுவும் தரப்படவில்லை. கேள்விகள் இரண்டு: அ + ஆ எங்கே விழும்? அ − ஆ எங்கே விழும்? சூத்திரத்தை மட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்கு இங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எண்ணுவதற்குத் தாவல்களும் இல்லை. கோட்டை வாசிக்கத் தெரிந்த பிள்ளை, இரண்டுமே இடப்பக்கப் பயணங்கள், கூட்டினால் ஆ-வையும் தாண்டி இன்னும் இடப்பக்கம் போய்விடும் என்று சொல்லும். கழித்தலுக்கு ஆ-விலிருந்து அ-வுக்குப் போக வேண்டும், அது வலப்பக்கம், ஆகவே விடை பூச்சியத்துக்கு வலப்பக்கம் விழும் என்று சொல்லும். அந்தத் தொலைவை ஒரு காகிதத் துண்டில் அளந்தெடுத்துப் பூச்சியத்திலிருந்து வைத்து, விழும் இடத்தையும் காட்டும். அ எவ்வளவு, ஆ எவ்வளவு என்று தெரியாமலே இதைச் சொல்ல முடிகிற பிள்ளை, ஏழாம் வகுப்புக் கணக்கை முடித்துவிட்டு இயற்கணிதத்துக்குள் வந்துவிட்டது.